தவணைத் தேதியும் இரண்டு வளையலும்

2023-ஆம் வருடம் சித்திரை மாதத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. பந்தியில் என் மைத்துனன் மனைவி எனக்குச் சாம்பார் ஊற்றினாள். அவள் கையில் எப்போதும் கிடக்கும் இரண்டு தங்க வளையல்களைக் காணோம். அந்த இடத்தில் கண்ணாடி வளையல்கள். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். முந்தானையைக் கைமேல் இழுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

சாப்பிட்டு முடிந்து, மைத்துனனை வாசல் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போய், "என்னப்பா நடந்தது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மாமா, பேங்குக் கடனைக் கட்ட வெளியில கொஞ்சம் வாங்கினேன். வளையலை வச்சிருக்கேன். இந்த மாசம் திருப்பிடுவேன்" என்றான்.

"பேங்கில் வாங்கியது பயிர்க்கடன்தானே? நாலு சதவீத வட்டிதானே?"

"அந்த நாலு சதவீதத்தைக் காப்பாத்தத்தான் மாமா இதெல்லாம்."

அன்று அவன் சொன்னதும், பிறகு அவன் வீட்டில் உட்கார்ந்து காகிதங்களைப் புரட்டிப் பார்த்து நான் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை. நான் வங்கியில் வேலை பார்த்தவன் அல்ல. வருவாய்த் துறையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பயிர்க்கடனுக்காக வருகிறவர்களுக்கு நிலச் சான்று எழுதிக் கொடுத்தே பல வருடங்கள் போயிருக்கின்றன. சான்று எழுதினேனே தவிர, அதைக் கொண்டுபோய் அவர்கள் என்ன கடன் வாங்கினார்கள், எப்போது கட்டினார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மைத்துனனுக்குப் பாகூர் பக்கம் இரண்டு காணி நிலம். எங்கள் பக்கத்துக் கணக்கில் நூறு குழி ஒரு காணி. ஆக அவனுடையது ஏறக்குறைய இரண்டே முக்கால் ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பா நெல் ஒன்றுதான் அவனுக்கு நிச்சயமான வெள்ளாமை. ஆவணியில் நாற்று விட்டு, புரட்டாசியில் நட்டு, தை கடைசியிலோ மாசியிலோ அறுப்பான். 2022 செப்டம்பர் 12-ஆம் தேதி உழவர் கடன் அட்டையில் ஒரு லட்சம் ரூபாய் எடுத்தான். கிசான் கிரெடிட் கார்டு என்கிறார்களே, 1998-இல் வந்தது, அதுதான். உழவு, நாற்று, நடவுக்கூலி, உரம், கடைசியில் அறுப்பு இயந்திர வாடகை எல்லாம் அந்த ஒரு லட்சத்துக்குள் அடக்கம்.

இந்தக் கடனின் வட்டிக் கணக்கு எளிதானது. மூன்று லட்சம் வரையுள்ள பயிர்க்கடனுக்கு உழவரிடம் வாங்குவது நூற்றுக்கு 7. இது 2006-07 முதல் இருந்துவருகிறது. வங்கிக்கு இதனால் ஏற்படும் குறையின் ஒரு பகுதியை மத்திய அரசு கொடுத்துவிடும். உழவர் தவணைத் தேதிக்குள் கடனைக் கட்டிவிட்டால் இன்னும் 3 குறையும். அப்போது அவருக்கு உண்மையில் விழுவது நூற்றுக்கு 4. இந்தச் சலுகை 2009-10-இல் 1 சதவீதமாகத் தொடங்கி, அடுத்த வருடம் 2 ஆகி, 2011-12-இல் 3 ஆயிற்று.

அது தொடங்கிய வருடத்தைக் கவனியுங்கள். 2008-இல் நாடு முழுவதும் பெரிய கடன் தள்ளுபடி வந்தது பலருக்கு நினைவிருக்கும். 2007 டிசம்பர் 31-இல் தவணை தாண்டி நின்ற கடன்களுக்குத்தான் அது. சிறு குறு விவசாயி கட்டாமல் வைத்திருந்தால் முழுதும் தள்ளுபடி. பெண்டாட்டி தாலிச் சங்கிலியை அடகு வைத்து நாள் தவறாமல் கட்டியவனுக்கு ஒரு பைசா இல்லை. "ஒழுங்கா கட்டினவன்தான் மாமா முட்டாள்" என்று மைத்துனன் அப்போது சொன்னான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த நிதியாண்டிலேயே நாள் தவறாதவனுக்கு என்று இந்தச் சலுகை வந்தது. ஒழுங்காகக் கட்டுகிறவனுக்குக் கிடைப்பது இது ஒன்றுதான். அதனால்தான் அதை இழக்கக்கூடாது என்று அவன் அப்படித் துடித்திருக்கிறான்.

சரி, 2023-க்கு வருவோம். அந்த வருடம் அறுப்பு பிப்ரவரி முதல் வாரம். எழுபது மூட்டை நெல் கண்டது. களத்துமேட்டுக்கே வந்த வியாபாரி மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு, முன்பணமாகக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, மீதியைப் பங்குனிக்குள் தருவதாகச் சொல்லிப் போனார். முன்பணம் அறுப்புக் கூலிக்கும் வீட்டுச் செலவுக்கும் சரியாகப் போய்விட்டது. பங்குனி வந்தது, மீதி வரவில்லை.

மார்ச் கடைசி வாரத்தில் இவன் வேறு வேலையாக வங்கிக்குப் போயிருக்கிறான். அங்கே இருந்த ஊழியர், "உங்க கடனுக்கு 31-ஆம் தேதி தவணை. அன்னிக்குள்ள கட்டலன்னா மூணு சதவீதம் போயிடும்" என்றிருக்கிறார். மைத்துனன் திகைத்துப் போனான். ஒரு வருடக் கடன், செப்டம்பர் வரை நாள் இருக்கிறது என்பதுதான் அவன் நினைப்பு. செல்போனில் இரண்டு முறை செய்தி வந்திருக்கிறது. இரண்டும் ஆங்கிலத்தில். அதைப் படிக்கவும் அவனுக்குத் தெரியாது, யாரிடமும் காட்டவும் இல்லை.

இங்கேதான் என் பங்கு வருகிறது. கடன் ஒப்புதல் கடிதத்தை அவன் காட்டியபோது எனக்குச் சுருக்கென்றது. அதை 2022-இல் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவனே நான்தான். இரண்டாவது பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் தவணைத் தேதி 31-3-2023 என்று அச்சாகி இருந்தது. நகலைப் பிரதி எடுத்தேன், மடித்துக் கொடுத்தேன், படிக்கவில்லை. முப்பது வருடம் பிறர் காகிதத்தைப் படித்தே சம்பளம் வாங்கியவன், சொந்த மைத்துனன் காகிதத்தைப் படிக்கவில்லை.

நாங்கள் பள்ளியில் படித்தது பிரெஞ்சு மீடியம். கணக்கு வகுப்பில் முசியே வட்டிக் கணக்கு போடச் சொல்வார். முதல், விகிதம், காலம் மூன்றும் தெரிந்தால் வட்டி வந்துவிடும். ஆனால் அவர் நான்காவதாக ஒன்றைக் கேட்பார்: 'எஷேயான்ஸ்' எங்கே? தவணை விழும் நாளுக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். அதைச் சிலேட்டின் மேல் மூலையில் எழுதிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும். எழுதாவிட்டால், விடை சரியாக இருந்தாலும் பாதி மதிப்பெண்தான். அந்த வகுப்பில் வருடத்துக்கு 360 நாள் என்று கணக்கு. இங்கே வங்கியில் 365. மற்றபடி கணக்கு ஒன்றுதான். அவர் கேட்ட கேள்வியைத்தான் நான் அறுபது வருடம் கழித்துக் கேட்கத் தவறினேன்.

இனி மைத்துனன் செய்ததைப் பார்ப்போம். செப்டம்பர் 12 முதல் மார்ச் 31 வரை 200 நாள். ஒரு லட்சத்துக்கு 7 சதவீதத்தில் 200 நாள் வட்டி 3,836 ரூபாய். நாளுக்குள் கட்டினால் இதில் 1,644 ரூபாய் சலுகை. அது போக அவனுக்கு விழுவது 2,192 ரூபாய்தான். ஆனால் அவன் கிளையில், வேறு பல கிளைகளிலும் இப்படித்தான், முதலில் 7 சதவீதத்தையும் முழுதாகக் கட்ட வேண்டும். 3 சதவீதம் பிறகு கணக்கில் வரவு வைக்கப்படும். ஆகவே 31-ஆம் தேதி அவனுக்குத் தேவைப்பட்டது 1,03,836 ரூபாய்.

ஊரில் ஒருவரிடம் ஒரு லட்சத்து நாலாயிரம் வாங்கினான். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி. பிணைக்கு வளையல். "ரெண்டு நாள்ல பேங்குல திரும்ப எடுத்துக் கொடுத்துடுவேன்" என்பது பேச்சு. இது நம் கிராமங்களில் எல்லோரும் செய்வதுதான். வெளியில் வாங்கி இன்று கடனை அடைப்பது, மறுநாள் அதே கடனைப் புதிதாக எடுத்து வெளியில் வாங்கியதைத் திருப்புவது. நெல் விற்ற பணம் ஒரு ரூபாய்கூட அதில் இருக்காது. புத்தகத்தில் மட்டும் கடன் அடைந்து, புதுக்கடன் பிறக்கும். இரண்டு நாளில் முடிந்தால் அதிக நஷ்டம் இல்லாமல் தப்பலாம்.

இரண்டு நாளில் முடியவில்லை. ஏப்ரல் 1 வங்கிக் கணக்கு முடிக்கும் நாள். மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை போனால், "உங்க அட்டைக்கு அஞ்சு வருஷம் முடிஞ்சுபோச்சு. புதுசா பட்டா நகல், வில்லங்கச் சான்று எல்லாம் வேணும்" என்றார்கள். அதையெல்லாம் வாங்கிக் கொடுத்து, கள ஆய்வு முடிந்து, புதுக்கடன் கைக்கு வரும்போது ஏப்ரல் 26. வெளியில் கொடுத்தவர் நாள் கணக்குப் பார்ப்பவர் அல்ல, மாதக் கணக்கு. 3,120 ரூபாய் வாங்கிக்கொண்டார். விழா நடந்தது அதற்கு ஒரு நாள் முன்னால். அதனால்தான் கண்ணாடி வளையல்.

1,644 ரூபாயைக் காப்பாற்ற 3,120 ரூபாய். வேப்பமரத்தடியில் விரலை மடக்கி இதை நான் சொன்னபோது மைத்துனனுக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்ப கட்டாமலே விட்டிருக்கணுமா மாமா?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. அதையும் போட்டுப் பார்த்தோம். வியாபாரியின் பணம் கடைசியில் மே 10-ஆம் தேதி வந்தது. அதுவரை 40 நாள். தவணை தாண்டிய மறுநாளிலிருந்து 7 சதவீதம் கிடையாது, வங்கியின் சாதாரண வட்டி. அதை 11 என்று வைத்தால் அந்த 40 நாளுக்கு 1,250 ரூபாய்போல ஆகும். இழந்த சலுகை 1,644-ஐயும் சேர்த்தால் 2,900 வரும். ஆக இந்த வாசலில் நுழைந்தாலும் அந்த வாசலில் நுழைந்தாலும் ஏறக்குறைய மூவாயிரம் நஷ்டம். கட்டாமல் விட்டிருந்தால் கூடவே தவணை தவறியவர் என்ற பெயரும் பதிவாகி, அடுத்த கடனுக்கு முட்டுக்கட்டை ஆகியிருக்கும். வளையல் வீட்டில் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

அதே பந்தியில் இருந்த இன்னொரு உறவினர் குறுக்கே வந்து, "ரெண்டு போகம் வரைக்கும் ஒண்ணும் பண்ண மாட்டாங்கப்பா, நீ ஏன் பயந்த?" என்றார். இதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆபத்து. நெல் போன்ற குறுகிய காலப் பயிருக்கு வாங்கிய கடன் தவணை தாண்டி இரண்டு பருவம் நின்றால்தான் வங்கி அதை வாராக்கடன் பட்டியலில் சேர்க்கும். அது வங்கி தன் கணக்கை எழுதிக்கொள்வதற்கான விதி. உழவரின் சலுகைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சலுகை தவணைக்கு மறுநாளே போய்விடும். அதுபோல வட்டியை மட்டும் கட்டிவிட்டு அசலை நிறுத்திவைத்தாலும் நாளுக்குள் கட்டியதாக ஆகாது. அசலும் வட்டியும் சேர்ந்து கணக்கில் விழ வேண்டும்.

எனக்கு அந்த 31-3 என்ற தேதியே உறுத்திக்கொண்டிருந்தது. பிப்ரவரியில் அறுக்கிறவனுக்கு மார்ச் 31 என்று யார் வைத்தது? அடுத்த வாரம் மைத்துனனோடு கிளைக்குப் போனேன். மேலாளர் ஒரு அம்மா, வயதில் என் மகளைவிடச் சிறியவர். உட்காரச் சொன்னார். நான் வயதானவன் என்ற மரியாதையில் கோப்பையும் எடுத்துக் காட்டினார்.

"தேதியை நாங்க இஷ்டத்துக்குப் போடறதில்ல ஐயா. பயிர் எப்ப அறுவடை, வித்துப் பணம் எப்ப கைக்கு வரும், அதைப் பார்த்துத்தான் போடணும். ஆனா இவர் விண்ணப்பத்துல பாருங்க" என்றார்.

பார்த்தேன். பயிர் என்ற இடத்தில் 'நெல்' என்று இருந்தது. எந்தப் பருவம், நடவு எந்த மாதம், அறுவடை எந்த மாதம் என்ற இடங்கள் காலி. கீழே மைத்துனன் கையெழுத்து. காலியாக இருந்ததால் கணினியில் அந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் போட்ட அதே தேதியை இவனுக்கும் போட்டுவிட்டார்கள். அவர்கள் கேட்டிருக்கலாம், இவனும் சொல்லியிருக்கலாம். அரசு அலுவலகத்தில் இருந்தவன் என்பதால் எனக்குத் தெரியும், காலியாக விட்ட கட்டத்தை எதிரில் இருப்பவர் தனக்கு வசதியான விடையால்தான் நிரப்புவார். நானும் அப்படி எத்தனையோ நிரப்பியிருக்கிறேன்.

"இப்ப மாத்த முடியுமா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சுபோன கடனுக்கு முடியாது. தவணைக்கு முந்தின நாள் வந்து கேட்டாலும் முடியாது. அடுத்த தடவை கடன் கொடுக்கும்போதே எழுதிக் கொடுங்க, அறுவடைக்கு அப்புறம் விக்கறதுக்கு நாள் சேர்த்துப் போடறேன். ஆனா எடுத்த நாள்லேந்து பன்னண்டு மாசத்தைத் தாண்டக் கூடாது. வட்டிச் சலுகையும் அதுக்கு மேல இல்ல" என்றார்.

பன்னிரண்டு மாதம் என்பதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் மைத்துனனைப்போல் பலர் தடுமாறுவது இதில்தான். அட்டைக்கு ஆயுள் ஐந்து வருடம். அதை வைத்து ஐந்து வருடம் பணத்தைத் திருப்ப வேண்டாம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. அப்படி அல்ல. அட்டையிலிருந்து ஒவ்வொரு முறை எடுக்கும் தொகைக்கும் தனித்தனியாக நாள் ஓடும். எடுத்த எந்தத் தொகையும் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நிற்கக் கூடாது. அது வெளி எல்லை. அதற்குள்ளே பயிரை வைத்து வங்கி குறிக்கும் நாள்தான் தவணை. மைத்துனன் வெளி எல்லையைத் தவணை என்று நினைத்துக்கொண்டான்.

2023-24 சம்பாவுக்கு விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து எழுதினேன். சம்பா நெல், நடவு செப்டம்பர் கடைசி, அறுவடை பிப்ரவரி, காயவைத்து விற்றுப் பணம் வர மூன்று மாதம். எல்லாக் கட்டத்தையும் நிரப்பினோம். தவணை மே 31 என்று குறித்துக் கொடுத்தார்கள். இந்த முறை இன்னொன்றும் செய்தோம். ஒரு லட்சத்தையும் முதலிலேயே எடுக்கவில்லை. செப்டம்பர் 12-இல் 70,000 எடுத்தான். அறுப்பு இயந்திரத்துக்கும் கூலிக்கும் வேண்டிய 30,000-ஐ ஜனவரி 22-இல்தான் எடுத்தான். எடுக்காத பணத்துக்கு வட்டி இல்லை. அதை செப்டம்பரிலேயே எடுத்துப் பெட்டியில் வைத்திருந்தால் நாலு மாதத்துக்கும் மேலாகச் சும்மா கிடக்கும் பணத்துக்கு 4 சதவீதக் கணக்கிலும் 430 ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கும். பெரிய தொகை இல்லை, ஆனால் ஒரு ஆள் கூலி. அதைவிட முக்கியம், பெட்டியில் இருக்கும் பணம் அறுப்பு வரை பெட்டியில் இருக்காது.

தேதி தள்ளிப்போனதில் கிடைத்த லாபம் எது என்பதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். நெல்லை மூன்று மாதம் வைத்திருந்தால் விலை ஏறும், கொள்ளை லாபம் என்று சிலர் சொல்வார்கள். வைத்திருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அறுத்த நெல்லில் ஈரம் இருக்கும். நூறு கிலோவில் இருபது பங்கு ஈரம் என்றால், அதைப் பதினாலு பங்குக்குக் காயவைக்கும்போது எடை 93 கிலோவாகிவிடும். விலை ஏழெட்டு சதவீதம் ஏறினால்தான் அந்த இழப்பே சரியாகும். எலி தின்றதும் மழையில் நனைந்ததும் தனிக் கணக்கு. மைத்துனனுக்கும் அந்த வருடம் விலையால் பெரிதாக ஒன்றும் கூடவில்லை.

ஆனால் களத்துமேட்டில் வியாபாரி வந்து நின்றபோது, "ரொக்கம் இருந்தா ஏத்துங்க, இல்லன்னா நான் காயவச்சு வித்துக்கறேன்" என்று அவனால் சொல்ல முடிந்தது. முதல் வருடம் அந்தப் பேச்சு அவன் வாயில் வந்திருக்காது. அந்த வியாபாரி போய்விட்டார். பத்து நாள் கழித்து வேறொருவர் வந்தார். பாதியை அப்போதே பணமாகக் கொடுத்து எடுத்துக்கொண்டார். மீதியை ஏப்ரலில் ரொக்கத்துக்கு விற்றான். கடன் சொல்லி எடுத்துப் போகிறவரிடம் கைகட்டி நிற்காமல் இருக்க முடிந்தது. நான் பார்த்தவரையில் தவணைத் தேதி பயிரோடு பொருந்தி வந்ததன் பலன் இதுதான்.

2024 மே 13-ஆம் தேதி, தவணைக்குப் பதினெட்டு நாள் முன்பாக, அசலோடு 3,920 ரூபாய் வட்டியும் கட்டினான். நெல் விற்ற பணம், கைமாற்று இல்லை. ரசீது வாங்கியதோடு விடவில்லை. சலுகைத் தொகை வரவாகிறதா என்று பாஸ்புக்கைப் பதிவு போடச் சொல்லி இரண்டு முறை அனுப்பினேன். இரண்டாவது முறை 1,680 ரூபாய் வரவு வந்திருந்தது. ஆக, ஒரு லட்சம் ரூபாயில் ஒரு சம்பாவை முடிக்க அவனுக்கு ஆன வட்டி 2,240 ரூபாய். முதல் வருடம் வெளியில் கொடுத்த ஒரு மாத வட்டியைவிட 880 ரூபாய் குறைவு.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்தில் வரப்புக்கு இந்தப் புறம் புதுச்சேரி, அந்தப் புறம் தமிழ்நாடு. அங்கே கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குகிறவர் நாளுக்குள் கட்டினால் வட்டியே இல்லை, உழவர் கட்ட வேண்டியதையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. அதைக் கேட்டு இங்குள்ளவர்கள் பெருமூச்சு விடுவதுண்டு. அங்கேயும் 'நாளுக்குள்' என்ற சொல் இருக்கிறது. ஒரு நாள் தாண்டினால் அங்கே இழப்பு இன்னும் பெரிது.

புயலில் பயிர் போனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். 2011 தானே புயலையும் 2024 பெஞ்சல் புயலையும் பார்த்தவர்கள் நாம். அப்படி இயற்கைச் சீற்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயிர் அழிந்ததாக அரசு அறிவித்த இடங்களில், பயிர்க்கடனை நீண்ட காலக் கடனாக மாற்றித் தவணைகளைத் தள்ளிக் கொடுக்க வங்கிகளுக்கு வழி இருக்கிறது. அதுவும் தானாக நடந்துவிடும் என்று இருக்கக் கூடாது. தவணை நாள் வருவதற்கு முன்பே கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தள்ளுபடி வரும் என்று காத்திருந்து தவணையைத் தாண்டிவிட்டவர்கள், தள்ளுபடியும் வராமல் சலுகையும் இல்லாமல் நின்றதை என் வேலைக் காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

என்னைப்போல் ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சொந்தத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர் யாராவது இருப்பார். அடுத்த முறை அவர் வீட்டுக்குப் போகும்போது கடன் ஒப்புதல் கடிதத்தை வாங்கிப் பாருங்கள். அதில் தவணைத் தேதி எது என்று தேடுங்கள். அறுவடை மாதத்தை அவரிடம் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே விற்றுப் பணம் வாங்க நாள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த கடனுக்கு முன்பே கிளைக்குப் போகச் சொல்லுங்கள், முடிந்தால் கூடவே போங்கள்.

மைத்துனன் வீட்டில் இப்போது தினசரிக் காலண்டரில் தவணைத் தேதித் தாளின் ஓரத்தை மடித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு மாதம் முந்தைய தாளும் மடித்திருக்கிறது. மடித்தது அவன் இல்லை, அவன் மனைவி. போன மாதம் போயிருந்தபோது காபி கொண்டுவந்து வைத்தாள். கையில் வளையல் இருந்தது. நானும் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. காலண்டரை மட்டும் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.